கண்ணாடிப் பவர், சேய்மைப் புள்ளி, அண்மைப் புள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. சோதனை முடிந்து சீட்டு எழுதும்போதுதான் சந்தேகங்கள் வரும். அதே கேள்விகளைத்தான் பெரியவர்களும் கேட்கிறார்கள், பத்தாம் வகுப்பு ஒளியியல் கணக்கோடு வரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவற்றை எளிதிலிருந்து கடினம் நோக்கி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. கிட்டப்பார்வைன்னா கிட்ட தெரியாதுன்னு அர்த்தமா, தூரம் தெரியாதுன்னு அர்த்தமா?

தூரம் தெரியாது. எது தெரிகிறதோ அதை வைத்து வந்த பெயர் இது. கையிலிருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும், பேருந்தின் பலகை மங்கும். இதற்கு மைனஸ் பவர்.

தூரப்பார்வைக்குப் பிளஸ் பவர். ஆனால் இந்தப் பெயர் பாதி உண்மைதான், ஏன் என்று 6-ஆம் பதிலில் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியதும் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து (ஊரில் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள்) மூன்றாவது சமாசாரம். அதற்கும் பிளஸ் லென்ஸ் கொடுப்பதால் பலரும் அதைத் தூரப்பார்வை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2. சீட்டுல −2.50ன்னு போட்டிருக்கு. அந்த நம்பர் எதை அளக்குது?

லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை. அலகு டையாப்டர். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் லென்ஸின் குவியத் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 2.50 என்றால் 40 செ.மீ. கண் எத்தனை சதவீதம் பழுது என்று காட்டும் மதிப்பெண் போலப் பலர் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது ஒரு தூரத்தைத் தலைகீழாக எழுதியது, அவ்வளவுதான்.

+2.50 ரீடிங் கண்ணாடி வீட்டில் இருந்தால் பகலில் இதைச் செய்து பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளிலிருந்து 40 செ.மீ. தள்ளி வரும்போது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் தலைகீழாகத் தாளில் விழும். அது குவிலென்ஸ். மைனஸ் பவர் குழிலென்ஸ், அது ஒளியை விரிப்பதால் தாளில் எதுவும் விழாது. பவர் தெரியாத கண்ணாடி என்றால், அதைக் கண்ணுக்குக் கிட்டே கையில் பிடித்து அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்த்தபடி இடம் வலமாக ஆட்டுங்கள். பொருளும் அதே பக்கம் ஆடினால் மைனஸ், எதிர்ப்பக்கம் ஆடினால் பிளஸ்.

3. சேய்மைப் புள்ளி, அண்மைப் புள்ளின்னு படிச்சேன். என் கண்ணுக்கு அது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தளர்வாக இருக்கும்போது எந்தத் தூரத்துப் பொருள் விழித்திரையில் கூர்மையாக விழுகிறதோ அது சேய்மைப் புள்ளி. சிலியரித் தசை முழு மூச்சாக வேலை செய்து லென்ஸைப் பருமனாக்கும்போது தெரிகிற மிகக் கிட்டமான இடம் அண்மைப் புள்ளி. குறையில்லாத கண்ணுக்குச் சேய்மைப் புள்ளி முடிவிலியில் இருக்கும். அண்மைப் புள்ளி 25 செ.மீ. என்று புத்தகத்தில் இருப்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட ஓர் எண். பத்து வயதுப் பிள்ளைக்கு 10 செ.மீ.க்கும் கிட்டே தெரியும்.

மைனஸ் பவர்க்காரர்கள் வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செய்தித்தாளின் பொடி எழுத்தை முகத்துக்குக் கிட்டே பிடியுங்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணின் வெளி ஓரத்திலிருந்து தாள்வரை தையல் டேப்பால் அளந்தால் அதுதான் சேய்மைப் புள்ளி. அப்புறம் கிட்டே கொண்டுவந்து, எவ்வளவு முயன்றும் மங்கும் இடத்தை அளந்தால் அண்மைப் புள்ளி. 20 வயது மாணவர் ஒருவரை இப்படி அளக்கச் சொன்னபோது அவருக்கு 40 செ.மீ., 8 செ.மீ. என்று வந்தது. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதில்களுக்கு வேண்டும்.

இந்த அளவில் அரை டையாப்டர் பிசகலாம். பளிச்சென்ற வெளிச்சத்தில் பாவை சுருங்கி, எழுத்து இன்னும் கொஞ்சம் தள்ளியும் தெரிவது போலிருக்கும். சீட்டில் சிலிண்டர் என்று தனியாக ஒரு எண் இருந்தால் ஒரே புள்ளி கிடைக்காது. பிளஸ் பவர்க்காரர்களுக்கு இந்த முறை உதவவே உதவாது.

4. கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸுன்னு எப்படி முடிவு பண்றீங்க?

சேய்மைப் புள்ளியை வைத்துத்தான். அந்த மாணவரின் கண் தளர்வாக இருக்கும்போது 40 செ.மீ. வரைதான் பார்க்கும். 200 மீட்டர் தள்ளி வரும் பேருந்தின் பலகையை அவருக்குக் காட்ட வேண்டுமானால், அந்தப் பலகையின் பிம்பம் 40 செ.மீ.யில் இருப்பது போல ஒளி கண்ணுக்குள் நுழைய வேண்டும். 40 செ.மீ. குவியத் தூரமுள்ள குழிலென்ஸ் அதைச் செய்கிறது. 100 ÷ 40 = 2.50, குழிலென்ஸ் என்பதால் −2.50.

கண்ணாடி போட்ட பிறகும் அவர் கண் பார்ப்பது அதே 40 செ.மீ.யைத்தான். கண்ணின் நீளம் மாறவில்லை, தூரத்து உலகம் அந்த எல்லைக்கு வந்து நிற்கிறது. கழற்றியதும் பழையபடி மங்குவது இதனால்தான்.

5. எப்பவும் கண்ணாடி போட்டா, நல்லாத் தெரியுற கிட்டப்பார்வையும் கெட்டுப்போகாதா?

கெடாது, அண்மைப் புள்ளி கொஞ்சம் தள்ளிப்போகும். மாணவரின் 8 செ.மீ. என்பது 12.5 டையாப்டர். கண்ணாடி அதில் 2.5-ஐக் கழித்துவிடுகிறது. மீதி 10 டையாப்டர், அதாவது 10 செ.மீ. கண்ணாடியோடு அவர் 10 செ.மீ. முதல் தொடுவானம் வரை பார்ப்பார். யாரும் 8 செ.மீ.யில் வைத்துப் படிப்பதில்லை என்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

இந்தக் கழித்தலில் இன்னொன்றும் தெரிகிறது. 12.5-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசம் 10 டையாப்டர். அதுதான் அவர் கண்ணின் தகவமைப்புத் திறன், அதாவது தசை கூட்டித் தரக்கூடிய பவர். கண்ணாடி அதைத் தொடுவதில்லை, வயதுதான் குறைக்கிறது. சேய்மைப் புள்ளி கண்ணின் அமைப்பைச் சொல்கிறது. அண்மைப் புள்ளியில் அமைப்பும் வயதும் கலந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

6. எனக்கு +3. தூரம் நல்லாத் தெரியுதே, அப்புறம் ஏன் எப்பவும் போடச் சொல்றீங்க?

உங்கள் கண் தூரத்துக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதால். தூரப்பார்வைக் கண் தளர்வாக இருக்கும்போது முடிவிலியில் உள்ள பொருளின் ஒளியைக்கூட விழித்திரைக்குப் பின்னால்தான் குவிக்கும். அதன் சேய்மைப் புள்ளி கண்ணுக்கு முன்னால் எங்குமே இல்லை, பின்னால் இருக்கிறது. +3 என்றால் 33 செ.மீ. பின்னால். ஒளி ஏற்கெனவே அந்த இடத்தை நோக்கிக் குவிந்தபடி உள்ளே வந்தால்தான் தளர்ந்த கண் தெளிவாகப் பார்க்கும். +3 லென்ஸ் அப்படிக் குவித்துக் கொடுக்கிறது. இல்லாவிட்டால் அந்த 3 டையாப்டரைத் தசைதான் தர வேண்டும்.

இதே கண்ணை வெவ்வேறு வயதில் பாருங்கள். 12 வயதில் திறன் சுமார் 13. தூரத்துக்கு 3 போனாலும் மீதி 10, கண்ணாடியில்லாமல் 10 செ.மீ. வரை தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. 35 வயதில் திறன் சுமார் 7. மீதி 4, அண்மைப் புள்ளி 25 செ.மீ. படிக்க முடியும், ஆனால் கையில் ஒரு துளி மிச்சமில்லாமல் தசை இழுத்துப் பிடித்திருக்கும், சாயங்காலம் நெற்றி வலிக்கும். 44 வயதில் திறன் சுமார் 4. மீதி 1, அண்மைப் புள்ளி 1 மீட்டருக்குப் போய்விடும். பவர் ஆரம்பத்திலிருந்தே +3-தான். "போன வருஷம்வரை நல்லா இருந்துச்சு, திடீர்னு போச்சு" என்று பலர் வருவது இந்த மூன்றாம் கட்டத்தில்.

7. புத்தகக் கணக்குல அண்மைப் புள்ளி 1 மீட்டர்னா விடை +3ன்னு வருது. நிஜத்துலயும் அப்படித்தான் லென்ஸ் குடுப்பீங்களா?

கணக்கு சரிதான். 25 செ.மீ.யில் வைத்த புத்தகத்துக்கு 4 டையாப்டர் வேண்டும், கண்ணால் 1 மீட்டருக்கான 1-தான் தர முடிகிறது, பாக்கி 3-ஐ லென்ஸ் தரட்டும். தேர்வில் இப்படியே எழுதுங்கள். ஆனால் அண்மைப் புள்ளியை மட்டும் வைத்து நாங்கள் யாருக்கும் கண்ணாடி எழுதுவதில்லை.

காரணத்தை இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் முந்தைய பதிலில் பார்த்த 44 வயதுக்காரர். அண்மைப் புள்ளி 1 மீட்டர், +3 போட்டால் தூரமும் தசைக்கு வேலையில்லாமல் தெளிவாகத் தெரியும். நாள் முழுக்கப் போட வேண்டிய கண்ணாடி அது. இன்னொருவர் 60-ஐ நெருங்குபவர். கண்ணில் தூரத்துக்குப் பவரே இல்லை, ஆனால் திறன் 1 டையாப்டராகக் குறைந்துவிட்டது. அவருக்கும் அண்மைப் புள்ளி அதே 1 மீட்டர், புத்தகச் சூத்திரமும் அதே +3-ஐத்தான் தரும். அதைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால் 33 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். முதலாமவருக்கு இருப்பது தூரப்பார்வை, கூடவே வெள்ளெழுத்தின் ஆரம்பம். இரண்டாமவருக்கு வெறும் வெள்ளெழுத்து. இவர்களைப் பிரித்துக் காட்டுவது சேய்மைப் புள்ளி மட்டுமே. அதனால்தான் நீங்கள் "படிக்கத்தான் கஷ்டம்" என்று சொன்னாலும் முதலில் 6 மீட்டர் தள்ளி இருக்கும் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிக்கிறோம்.

படிக்கும் பவரும் சூத்திரம் சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறும். தசையின் முழுத் திறனையும் யாராலும் மணிக்கணக்கில் பிடித்துவைக்க முடியாது, பாதியை மிச்சம் வைப்பது வழக்கம். பெரும்பாலோர் படிப்பதும் 25-இல் இல்லை, சுமார் 40 செ.மீ.யில். அதற்கு 2.5 போதும். 60-காரர் தன் 1-இல் பாதியைத் தருவார், நாம் +2.00 கொடுத்தால் போதும். +3 கொடுத்தால் புத்தகத்தை மூக்கருகே பிடிக்க வேண்டியிருக்கும்.

8. பையனுக்கு மெஷின்ல பாத்தப்ப +1, கண்ணுல சொட்டு மருந்து விட்டுப் பாத்தப்ப +3.50. எது உண்மை?

மருந்து விட்டபின் வந்ததுதான் கண்ணின் முழுப் பவர். சிறு பிள்ளைகளின் தசை அவ்வளவு வலுவாக இருப்பதால், பெட்டிக்குள் படத்தைப் பார்க்கும்போதே அது 2.50 டையாப்டரைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடுகிறது. அந்த மருந்து தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. மறைந்திருந்தது வெளியே வருகிறது. பாவையும் விரிவதால் வெயில் கூசும், கிட்டே மங்கும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளிலோ சில நாளிலோ அது போய்விடும்.

மருந்தைப் போட்டுப் பார்ப்பதும், +3.50-இல் எவ்வளவைக் கண்ணாடியாக எழுதுவது என்பதும் கண் மருத்துவரின் முடிவு. கண் உள்பக்கமாகத் திரும்பும் மாறுகண் இருந்தால் வழக்கமாக முழுவதையும் எழுதுவார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் குறைத்தும் எழுதுவார்கள். தூரப்பார்வைப் பிள்ளையை மருந்தில்லாமல் மெஷின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பிளஸ் இருந்து அது தெரியாமலே போனால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். பின்னாளில் கண்ணாடி போட்டாலும் அந்தப் பார்வை முழுசாகத் திரும்புவது கடினம்.

9. எனக்கு −3, வயசு 50. கண்ணாடியக் கழட்டினாத்தான் படிக்க முடியுது. பவர் தானா குறையுதா?

குறையவில்லை. உங்கள் சேய்மைப் புள்ளி 33 செ.மீ. புத்தகம் பிடிக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். கழற்றியதும் தசைக்கு வேலையே இல்லாமல் எழுத்து தெரிகிறது. கண்ணாடியோடு படிக்கும்போது 2.5 டையாப்டரைத் தசை தர வேண்டும், 50 வயதில் இருப்பதே சுமார் 2. அதில் பாதி 1-ஐத்தான் நிம்மதியாகத் தரும். பாக்கி 1.50-ஐக் கூட்டினால் படிக்கும் பவர் −3.00 + 1.50 = −1.50. மைனஸ் எண்ணாக இருந்தாலும் அது உங்களுக்குப் படிக்கும் கண்ணாடிதான்.

கழற்றிப் படிப்பதே வசதியாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் −1 உள்ளவருக்கு எல்லை 1 மீட்டர் என்பதால் 40 செ.மீ.க்குத் தசை உதவி வேண்டும், −6 உள்ளவர் 17 செ.மீ.க்குக் குனிய வேண்டும். கழற்றிப் படிக்கும் வசதி −2 முதல் −3.50 வரை உள்ளவர்களுக்குத்தான் நன்றாக அமைகிறது.

10. இன்னும் கொஞ்சம் மைனஸ் கூட்டினா எழுத்து கருப்பாத் தெரியுது. அதையே எழுதிக் குடுத்துடுங்களேன்?

வேண்டாம். தேவைக்கு மேல் போகும் மைனஸ் உங்களைத் தூரப்பார்வைக்காரராக மாற்றுகிறது. −2.50 கண்ணுக்கு −3.25 போட்டால், அந்த 0.75-ஐத் தசை நாள் முழுக்கத் திருப்பித் தர வேண்டும். 6-ஆம் பதிலில் சொன்ன 35 வயதுக்காரரின் நெற்றிவலி 20 வயதிலேயே வரும். எழுத்து கருப்பாகத் தெரிவது அது சிறுத்துப்போவதால். கூடுதலாக ஒரு வரிகூடப் படிக்க முடியாது. எனக்கே கல்லூரி நாட்களில் −3.50-க்கு −4.25 எழுதிவிட்டார்கள். ஒரு வருஷம் தலைவலிக்கு மாத்திரை சாப்பிட்டேன். மருந்து விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

சிவப்பு, பச்சைக் கட்டங்களில் எழுத்து காட்டி "எது பளிச்?" என்று கேட்பது இதைப் பிடிக்கத்தான். பச்சை ஒளி சிவப்பைவிடக் கொஞ்சம் முன்னால் குவியும். பச்சை பளிச்சென்றால் மைனஸ் அதிகமாகிவிட்டது என்று பொருள். இரண்டும் சமமாக இருக்கும் இடம்வரை குறைப்போம்.

11. கண்ணாடி −6, ஆனா கான்டாக்ட் லென்ஸ் −5.50 குடுத்தாங்க. தப்பா எழுதிட்டாங்களா?

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. −6 லென்ஸ் பிம்பத்தை வைக்கும் இடம் லென்ஸிலிருந்து 16.7 செ.மீ., கண்ணிலிருந்து எண்ணினால் 17.9 செ.மீ. கண்ணின் மேலேயே ஒட்டும் லென்ஸ் அந்த 17.9-க்குத்தான் இருக்க வேண்டும். 100 ÷ 17.9 என்பது 5.6, கிட்டத்தில் கிடைப்பது −5.50. பிளஸ்ஸில் இது தலைகீழ், +6 கண்ணாடிக்குச் சுமார் +6.50 கான்டாக்ட் லென்ஸ். 4 டையாப்டருக்குக் கீழே இந்த வித்தியாசம் பொருட்டில்லை.

12. −6க்கு சோடாபுட்டி மாதிரி தெரியக் கூடாது. விலை கூடின ஹை இண்டெக்ஸ் லென்ஸே வாங்கிடட்டுமா?

முதலில் பிரேமைச் சிறியதாக்குங்கள். குழிலென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும். அந்தத் தடிமன் மையத்திலிருந்து ஓரம்வரை உள்ள தூரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. −6-இல் மையத்திலிருந்து 25 மி.மீ. வரை போகும் அகலமான பிரேம் என்றால், சாதாரண பிளாஸ்டிக்கில் (இண்டெக்ஸ் 1.50) ஓரம் நடுவைவிடச் சுமார் 3.8 மி.மீ. தடிக்கும். அதே பிரேமில் இண்டெக்ஸ் 1.67 உள்ள விலை கூடிய லென்ஸ் போட்டால் 2.8. சாதாரண பிளாஸ்டிக்கையே 20 மி.மீ. வரை மட்டும் போகும் சின்ன பிரேமில் போட்டால் 2.4. ஐந்து மில்லிமீட்டர் பிரேமில் குறைத்தது, விலை கூடிய லென்ஸைவிட அதிகம் மெலிய வைத்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் 1.8.

பாவை பிரேமின் ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் விழுகிறதா என்று முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். பெரிய பிரேமில் பாவை மூக்குப் பக்கம் ஒதுங்கி நிற்கும், காதுப் பக்கத்து ஓரம்தான் புட்டியாகும். லென்ஸின் மையமும் பாவைக்கு நேராக வர வேண்டும், அதற்குத்தான் இரண்டு பாவைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கிறோம். −6-இல் 4 மி.மீ. தள்ளிப் பொருத்தினால், பவர் சரியாக இருந்தும் கண்ணை இழுப்பது போலிருக்கும். தூரப்பார்வைக் குவிலென்ஸில் ஓரம் மெல்லியது, நடுதான் பருமன். அங்கேயும் சின்ன பிரேம் உதவும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெரிய வட்டமாக முன்பே செய்து வைத்த லென்ஸை வெட்டிப் போட்டால் நடுப்பருமன் அப்படியே இருக்கும். பிரேமின் அளவைச் சொல்லி அதற்கென்றே செய்து தரச் சொல்லுங்கள்.